பழைய கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றிச் சரிசெய்வது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு பீரோவில் கிடக்கும் வி.எச்.எஸ். கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றி, படத்தின் ஆட்டம், புள்ளி, வெளிறிய நிறம் ஆகியவற்றை முடிந்த அளவுக்குச் சரிசெய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சித்தப்பாவின் 1993ஆம் ஆண்டுக் கல்யாணக் கேசட்டில் நான் படித்த பாடங்கள்தான் பெரும்பாலும். அந்த ஒரு கேசட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். சிறிய ஹேண்டிகேம் கேசட்டுகளுக்கும் நிறைய பொருந்தும், ஆனால் மினி DV கேசட் மட்டும் தனிக் கதை. அதில் பதிவே டிஜிட்டல் என்பதால் ஃபயர்வயர் கேபிளில் அப்படியே எடுத்துவிடலாம், கீழே சொல்லும் பாடு எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில குறைகளை டெக் ஓடும்போதுதான் சரிசெய்ய முடியும், சிலவற்றைக் கணினியில்தான் முடியும். டெக்கில் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு அப்புறம் சாஃப்ட்வேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.

1. கேசட்டைப் பாருங்கள், உடனே டெக்கில் போடாதீர்கள்

நம் ஊர் கடற்கரை ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள்ளேயே துணி பூஞ்சை பிடிக்கும்போது கேசட் மட்டும் தப்பிக்குமா? கேசட்டின் மேல்பக்கக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் டேப் வழவழப்பான கறுப்பாக இருக்க வேண்டும். விளிம்பில் வெள்ளையாகத் தூள் ஒட்டினாற்போலவோ வளையம் வளையமாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. பூஞ்சை பிடித்த கேசட்டை ஒரு முறை ஓட்டினாலே டெக்கின் ஹெட்டில் அது ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

லேசான பூஞ்சையென்றால் கேசட்டை சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு வாரம் போட்டு வையுங்கள். பூஞ்சை காய்ந்து தூளாகிவிடும். அப்புறம் மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளியில் உட்கார்ந்து, அடிப்பக்கத்தில் இருக்கும் 5 ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து, டேப் சுற்றின் விளிம்பை மட்டும் நூல் உதிராத காய்ந்த துணியால் மெதுவாகத் துடைக்கலாம். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், டேப் நெளிந்துவிடும். தானே புயலிலோ 2015 வெள்ளத்திலோ நனைந்து சேறு ஏறிய கேசட் என்றால் வீட்டில் கை வைக்க வேண்டாம். அது அந்த வேலை தெரிந்தவர்களிடம் போக வேண்டியது.

கேசட்டின் முதுகுப் பக்கத்து ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அது இருந்தால் உடைத்துவிடுங்கள். அது உடைந்திருந்தால் தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் கல்யாணம் அழியாது.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது காப்பி? அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் மாஸ்டரைத் தானே வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பார். அதிலிருந்து சொந்தக்காரர்கள் காப்பி போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு காப்பியிலும் நிறம் மங்கும், புள்ளி கூடும். எங்களிடம் இருந்தது மூன்றாம் காப்பி. சித்தி பிறந்த வீட்டில், மஞ்சக்குப்பத்தில், முதல் காப்பி கிடந்தது. அதை ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த வித்தியாசம் எந்த சாஃப்ட்வேரிலும் கிடைக்காது. ஆகவே சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

"அதான் முன்னாடியே சி.டி. போட்டு வெச்சிருக்கோமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 2000களில் போட்ட வி.சி.டி. என்றால் அதை நம்பி கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வி.சி.டி.யில் படம் 352×288 அளவுதான். கேசட்டில் இருக்கும் கோடுகளில் பாதி அதில் இல்லவே இல்லை.

2. பிரான்சிலிருந்து வந்த கேசட்டா?

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இது அடிக்கடி வரும். அங்கே இருக்கும் மாமா வீட்டுப் பிறந்தநாள், ஞானஸ்நானம் என்று அனுப்பிய கேசட்டை இங்கே போட்டால் வேகம் சரியாக இருக்கும், சத்தம் சரியாக இருக்கும், படம் மட்டும் கறுப்பு வெள்ளை. நிறம் அழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் 'பால்' முறை, பிரான்சில் அப்போது 'செகாம்' முறை. நிறத்தைப் பதியும் விதம் வேறு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக்கில் செகாம் என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் மத்திய கிழக்கு நாடுகளுக்கான 'மீ-செகாம்'. பிரான்சில் பதிந்த கேசட்டுக்கு அது ஒத்துவராது, அதிலும் கறுப்பு வெள்ளைதான் வரும். பிரான்சில் விற்ற டெக்கே வேண்டும். அதனால் அந்தக் கேசட்டுகளை லீவுக்கு வரும் உறவினர் கையில் திருப்பிக் கொடுத்து, அங்கேயே மாற்றி வாங்குவதுதான் எனக்குத் தெரிந்து குறைந்த செலவு. அவரிடம் படத்தைச் சுருக்காத கோப்பாகக் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

3. டெக் தேடுவது

வி.சி.ஆர். டெக் இப்போது புதிதாக வருவதில்லை. புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவ்வப்போது கண்ணில் படும். கடலூரில் லாரன்ஸ் ரோடு பக்கத்துப் பழைய டிவி மெக்கானிக்குகளிடம் விசாரித்தால் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு டெக்குக்கும் சர்வீஸுக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. விலை ஆளைப் பொறுத்தது.

வருடக்கணக்கில் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை இறுகியிருக்கும், கிரீஸ் கெட்டியாகியிருக்கும். இப்படிப்பட்ட டெக் டேப்பைச் சாப்பிட்டுவிடும். வாங்கியதும் கல்யாணக் கேசட்டைப் போடாதீர்கள். வேண்டாத சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டு முழுவதும் ஓட்டி, ஃபார்வர்டு, ரீவைண்டு எல்லாம் செய்து, வெளியே எடுத்து டேப் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தில் பனி கொட்டுகிற மாதிரி வந்தால் ஹெட் அழுக்கு. டெக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட் பொருத்தியிருக்கும் உலோக உருளையின் மேல் லேசாக வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்த உருளையைச் சுற்ற வேண்டும். தாளை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது, அதன் நூல் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். தாள் கறுப்பாக வருவது நிற்கும் வரை செய்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு பிளக்கை மாட்டுங்கள்.

4. ஸ்டூடியோவில் கொடுப்பதானால்

ஒன்றிரண்டு கேசட்தான் இருக்கிறது என்றால் டெக் வாங்கி அலைவது வீண், ஸ்டூடியோவில் கொடுப்பதே நல்லது. கேசட்டுக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். ஆனால் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். படத்தை எந்தக் கோப்பாகத் தருவீர்கள்? படத்தின் நீள அகலம் என்ன? டெக்கிலிருந்து கணினிக்கு எதன் வழியாக எடுக்கிறீர்கள்? 720×576 அளவில், ஏ.வி.ஐ. கோப்பாக, ஹார்டு டிஸ்கில் தருகிறேன் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். "எச்.டி. ஆக்கித் தர்றேன் சார்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நான் முதலில் கொடுத்த ஓரிடத்தில் படத்தை அகல டிவிக்கு ஏற்ப இழுத்துத் தந்தார்கள். மாப்பிள்ளை, பெண், ஐயர், எல்லாரும் குண்டு குண்டாக இருந்தார்கள். அந்தக் கோப்பில் கோடுகளையும் கலந்து ஒன்றாக்கியிருந்ததால் பின்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேசட்டைக் கொடுக்கும்போது ரசீதில் கேசட்டின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியுள்ள பெயர், ஏற்கெனவே பூஞ்சையோ உடைசலோ இருந்தால் அது, திரும்பத் தரும் தேதி, மூலக் கேசட்டும் திரும்ப வரும் என்ற வரி, இவ்வளவும் எழுதி வாங்குங்கள். செல்போனில் கேசட்டுகளைப் படமும் எடுத்து வையுங்கள். முகூர்த்த மாதங்களில் கொடுத்தால் உங்கள் கேசட் மூலையில் கிடக்கும். ஆடியிலோ மார்கழியிலோ கொடுத்தால் கேட்ட தேதியில் வேலை நடக்கும்.

5. கணினிக்குள் எடுப்பது

டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கும், மஞ்சள் படத்துக்கு, மற்றவை சத்தத்துக்கு. சில டெக்கில் சத்தத்துக்கு ஒரே துளைதான், பரவாயில்லை. ஆன்டெனா ஒயர் வழியாக மட்டும் எடுக்காதீர்கள். இந்த ஒயர்களை யு.எஸ்.பி. கேப்சர் குச்சியில் செருகிக் கணினியில் மாட்ட வேண்டும். மிக மலிவான குச்சிகள் வெளிச்சத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும், ஃப்ரேம்களைத் தவறவிடும். ஐ-ஓ டேட்டா ஜி.வி.-யு.எஸ்.பி.2, ஹாப்பாஜ் யு.எஸ்.பி.-லைவ்2 ஆகிய இரண்டும் இந்த வேலைக்கு நல்ல பெயர் எடுத்தவை. ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சின்ன டப்பாவும் கடையில் தருவார்கள். அது டிவியில் பார்ப்பதற்கு. அது படத்தைத் தானாகப் பெரிதாக்கி, கோடுகளைக் கலந்துவிடும்.

கோடு கோடு என்கிறேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் நொடிக்கு 25 முழுப்படம் இருக்கிறது. ஒவ்வொரு முழுப்படமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு அரைப்படங்களாக, அடுத்தடுத்த நேரத்தில் எடுத்தவை. அதாவது நொடிக்கு 50 கணங்கள். இவற்றைக் கலக்காமல் அப்படியே எடுத்துவைத்தால்தான் பின்னால் அசைவு வழுக்கினாற்போல வரும்.

சாஃப்ட்வேர் VirtualDub2, இலவசம். அதில் கேப்சர் பகுதிக்குப் போய் வீடியோ முறையை PAL_B, அளவை 720×576, நிற வடிவத்தை YUY2, ஃப்ரேம் வேகத்தை 25, சத்தத்தை 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சுருக்கும் முறை HuffYUV. இதில் படத்தில் எதுவும் இழப்பில்லை, ஆனால் மணிக்கு 30 முதல் 40 ஜி.பி. வரை பிடிக்கும். 3 மணி நேரக் கேசட்டுக்கு 120 ஜி.பி.க்குக் குறையாமல் காலி இடம் வேண்டும். வெளி ஹார்டு டிஸ்க் FAT32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது, நடுவில் நின்றுவிடும். NTFS ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கேசட்டை முதலில் கடைசி வரை ஃபார்வர்டு செய்து, மறுபடி ரீவைண்டு செய்யுங்கள். வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த டேப் சீராகச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் ஓடவிட்டு, டெக்கின் டிராக்கிங் பட்டனைத் திருகி, புள்ளி எங்கே குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரே கேசட்டில் நலங்கை ஒருவரும் முகூர்த்தத்தை இன்னொருவரும் எடுத்திருந்தால் இரண்டுக்கும் டிராக்கிங் வேறுபடலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலரும் விடுவது. 90களின் கல்யாண வீடியோவில் முகத்துக்கு நேராக வீடியோ லைட்டைப் பிடித்திருப்பார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப்போய் வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். கேசட்டில் வேட்டி மடிப்பு இருக்கும், கணினிக்குள் எடுக்கும்போது வெள்ளை அளவு மீறினால் அது வெட்டுப்பட்டுவிடும், பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது. ஆகவே தாலி கட்டும் இடத்தை ஓடவிட்டு, VirtualDub2-இல் வெளிச்ச அளவைக் குவியலாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, வலதுபக்க விளிம்பில் குவியல் முட்டாதவரை குச்சியின் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக வந்தால் கவலைப்படாதீர்கள், அதைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

படத்தில் அகலமான பட்டை ஒன்று மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருந்தால், சத்தத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியானால் பேட்டரியிலேயே பகுதி பகுதியாக எடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும்போதும் இது வரலாம்.

3 மணிக் கேசட்டுக்கு 3 மணி நேரம்தான், குறுக்குவழி கிடையாது. அந்த நேரம் கணினியில் வேறு வேலை எதுவும் வேண்டாம். முடிந்ததும் தவறிய ஃப்ரேம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மணிக்கு விரல்விட்டு எண்ணும் அளவென்றால் சரி, நூற்றுக்கணக்கில் என்றால் உதடும் பேச்சும் சேராது, மறுபடி எடுக்க வேண்டும்.

6. ஆட்டத்தில் இரண்டு வகை

படம் ஆடுகிறது என்றால் எது ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மண்டபத்துத் தூணைப் பாருங்கள். தூண் நேராகவே இருந்து, ஆனால் முழுப் படமும் சேர்ந்து இடவலமாக, மேலும் கீழுமாக ஆடினால் அது கேமராமேன் கை ஆட்டம். தூணின் விளிம்பே பாம்பு மாதிரி நெளிந்தால், அல்லது படத்தின் உச்சியில் மட்டும் ஒரு பக்கமாக வளைந்தால், அது டேப்பின் ஆட்டம். ஒவ்வொரு கோடும் சரியான நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ வந்து விழுவதால் அப்படி நெளிகிறது.

கை ஆட்டத்தைக் கணினியில் குறைக்கலாம். டேப் ஆட்டத்துக்கு அங்கே உருப்படியான மருந்து கிடையாது. ஆட்டம் நீக்கும் சாஃப்ட்வேர் படத்தை முழுதாகத்தான் நகர்த்தும், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக நகர்த்தாது. டேப் ஆட்டத்தை டெக்குக்கும் கணினிக்கும் நடுவிலேயே நிறுத்த வேண்டும். கோடுகளின் நேரத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் உள்ளேயே இருக்கும் எஸ்.வி.எச்.எஸ். டெக் கிடைத்தால் அதுதான் சிறந்தது. பழைய வீடியோ ஸ்டூடியோக்களில் எடிட்டிங்குக்கு வைத்திருந்தவை சில இன்னும் இருக்கின்றன, வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அது இல்லையென்றால் பழைய டி.வி.டி. ரெக்கார்டர். பானாசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 ஆகியவை இதற்குப் பேர்போனவை. டெக் ஒயரை அதன் உள்வாயிலில் கொடுத்து, வெளிவாயிலிலிருந்து கேப்சர் குச்சிக்கு எடுக்க வேண்டும். அதில் எதையும் ரெக்கார்டு செய்ய வேண்டாம், படம் அதன் வழியாகக் கடந்து போனாலே கோடுகள் வரிசைக்கு வந்துவிடும். எங்கள் கேசட்டில் தூண் நெளிந்தது, உறவினர் வீட்டு டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்றைக் குறுக்கே வைத்ததும் நிமிர்ந்துவிட்டது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, வாங்கும் முன் உங்கள் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

7. கணினியில் சரிசெய்வது: மூன்று நிமிட முகூர்த்தம்

முழுக் கேசட்டையும் ஒரேயடியாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முக்கியமான சில நிமிடங்களை எடுத்து, அதில் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டு பிறகு மற்றதற்குப் போங்கள். எங்கள் கேசட்டில் 41ஆவது நிமிடத்தில் முகூர்த்தம். அந்த மூன்று நிமிடத்தில் செய்ததைச் சொல்கிறேன். கருவி ffmpeg, கட்டளைச் சாளரத்தில் கட்டளையைத் தட்டி ஓட்டுவது, இதுவும் இலவசம்.

முதல் கட்டளை:

```
ffmpeg -ss 00:41:00 -t 180 -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=704:560:8:4,chromashift=cbv=-2:crv=-2,hqdn3d=2:4:3:8" -c:v ffv1 -c:a copy m1.mkv
```

இதில் bwdif அரைப்படங்களைப் பிரித்து நொடிக்கு 50 முழுப்படங்களாக்குகிறது. tff என்பது மேல்கோடு முதலில் என்று பொருள். கேப்சர் குச்சிகளில் பெரும்பாலும் இதுதான். மாலை மாற்றும் கை முன்னால் போய்ப் பின்னால் வந்து உதறுவதுபோல் தெரிந்தால் வரிசை தப்பு, bff என்று மாற்றுங்கள்.

crop ஓரங்களை வெட்டுகிறது. வி.எச்.எஸ். படத்தின் அடியில் சில கோடுகள் எப்போதும் கிழிந்து நெளியும், டிவியில் அது சட்டத்துக்குள் மறைந்துவிடும், கணினியில் தெரியும். அசிங்கம் என்பதற்காக மட்டும் வெட்டவில்லை. அடுத்த கட்டத்தில் ஆட்டத்தை அளக்கும்போது அசையாத கறுப்பு ஓரம் அந்த அளவையே குழப்பிவிடும்.

chromashift நிறத்தை மேலே தூக்குகிறது. காப்பிக்குக் காப்பி நிறம் சில கோடுகள் கீழே இறங்கும். சித்தியின் குங்குமப் பொட்டை நிறுத்திப் பார்த்தால், பொட்டின் கருமை ஓரிடத்தில், சிவப்பு அதற்குக் கொஞ்சம் கீழே மூக்கை நோக்கி வழிந்திருந்தது. எத்தனை கோடு என்று அந்தப் பொட்டை வைத்தேதான் முடிவு செய்தேன். முதல் காப்பியில் 2 போதும், கை மாறிய காப்பியில் இன்னும் கூடும். நிறம் தப்பான பக்கம் போனால் கழித்தல் குறியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக hqdn3d, புள்ளி குறைக்க. நான்கு எண்களில் முதலும் மூன்றாவதும் வெளிச்சத்துக்கு, இரண்டாவதும் நான்காவதும் நிறத்துக்கு. வி.எச்.எஸ்.சில் நிறத்துக்கான விவரம் மிகக் குறைவு, ஆனால் நிறப் புள்ளி அதிகம். அதனால் நிறத்தில் தாராளமாகவும் வெளிச்சத்தில் கஞ்சத்தனமாகவும் வையுங்கள். வெளிச்சத்தின் எண்ணை ஏற்றினால் முதல் பார்வைக்குப் படம் பளிச்சென்று இருக்கும். பட்டுப்புடவை ஜரிகையைப் பாருங்கள், தனித்தனிக் கோடாக இருந்தது மஞ்சள் பூச்சாகிவிடும். தலையில் மல்லிகைச் சரம் பஞ்சு ஆகிவிடும். அது தெரிந்ததும் எண்ணைக் குறையுங்கள்.

அடுத்தது கை ஆட்டம். இது இரண்டு நடை, முதலில் அளப்பது, பிறகு நகர்த்துவது. நிறத்தையும் இரண்டாம் நடையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்:

```
ffmpeg -i m1.mkv -vf vidstabdetect=shakiness=5:result=m.trf -f null -
ffmpeg -i m1.mkv -vf "vidstabtransform=input=m.trf:smoothing=20:optzoom=1,colorbalance=rm=-0.06:bm=0.08,eq=saturation=1.15,scale=768:560,setsar=1" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k muhurtham.mp4
```

smoothing=20 என்றால் முன்னும் பின்னும் 20 ஃப்ரேம்களைப் பார்த்துச் சமன் செய்கிறது. அதை 60, 80 என்று ஏற்றினால் மணமேடையிலிருந்து கூட்டத்துக்குக் கேமரா திரும்பும் இடத்தில் படம் மிதக்க ஆரம்பிக்கும். மேலும் ஆட்டத்தை மறைக்கப் படத்தைப் பெரிதாக்குவதால் ஓரத்தில் நிற்கும் ஆட்கள் வெட்டுப்படுவார்கள். எங்கள் படத்தில் இடது ஓரத்தில் தாத்தா நின்றிருந்தார். அவர் பாதி முகம் போனதால் அந்த ஷாட்டில் கொஞ்சம் ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

கல்யாண வீடியோவுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. மிக்சிங்கில் இதய வடிவச் சட்டம், 'திருமண நல்வாழ்த்துகள்' எழுத்து, நட்சத்திரம் கொட்டுவது எல்லாம் போட்டிருப்பார்கள். எழுத்து அசையாமல் நிற்கும், அதற்குப் பின்னால் படம் ஆடும். சாஃப்ட்வேர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் எழுத்தையே ஆட்ட ஆரம்பிக்கும். அந்தப் பகுதிகளுக்கு ஆட்ட நீக்கம் வேண்டாம், அந்த இடங்களைத் தனித் துண்டாகப் பிரித்துவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். வெளிறிவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் வெளிறல் இல்லை. வீடியோ லைட்டின் மஞ்சள் வெளிச்சத்துக்குக் கேமராவைச் சரியாக ஒழுங்குபடுத்தாமல் எடுத்ததால் வந்த காவி நிறம். அதனால் நிறத்தைக் கூட்டுவதற்கு முன் காவியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் மஞ்சள் குளித்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். மேலே உள்ள கட்டளை நடுத்தர வெளிச்சத்தில் சிவப்பைக் கொஞ்சம் குறைத்து நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறது. எதை வெள்ளை என்று வைத்துக்கொள்வது? பட்டு வேட்டி ஆகாது, அது இயல்பிலேயே சந்தன நிறம். கூட்டத்தில் யாராவது வெள்ளை டெரிகாட்டன் சட்டை போட்டிருப்பார், அவரைப் பிடியுங்கள். அவர் சட்டை வெள்ளையாகும் வரை 0.02, 0.02ஆக மாற்றிப் பாருங்கள். ஆனால் மாடிப் பந்தியில் பகல் வெளிச்சம், கீழே டியூப் லைட். ஒவ்வொரு இடத்துக்கும் அளவு வேறு.

scale=768:560 உருவங்களைப் பழைய 4:3 டிவியில் தெரிந்த அகல உயரத்துக்குக் கொண்டுவருகிறது, முகம் ஒடுங்காது. இதை 1080க்கு இழுத்துப் பெரிதாக்க வேண்டிய அவசியமில்லை, டிவியே அதைச் செய்துகொள்ளும்.

8. சத்தம்

Audacity-யில் திறந்து, யாரும் பேசாத, மேளம் இல்லாத ஓரிரு நொடியைத் தேர்ந்தெடுத்து, Noise Reduction-இல் அதை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபெல் மட்டும் குறையுங்கள். 12க்கு மேல் போனால் நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் கொழகொழக்கும். இரைச்சலும் நாதஸ்வரத்தின் மேல்நாதமும் ஒரே இடத்தில் இருப்பதுதான் காரணம். மிக்சிங்கில் போட்ட சினிமாப் பாட்டை நீக்கி அடியில் இருந்த பேச்சை எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பாட்டைப் போட்டபோதே பெரும்பாலும் பேச்சை அழித்துவிட்டுத்தான் போட்டிருப்பார்கள். யூட்யூபில் ஏற்றினால் அந்தப் பாட்டுக்காக உரிமைக் கோரிக்கை வரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

9. எதை வைத்துக்கொள்வது

சரிசெய்த எம்.பி.4 கோப்பு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் பென் டிரைவில் கொடுக்கவும். பத்திரப்படுத்த வேண்டியது முதலில் எடுத்த பெரிய ஏ.வி.ஐ. கோப்பு. அதை FFV1 ஆக மாற்றினால் இழப்பில்லாமல் இடம் இன்னும் கொஞ்சம் குறையும்:

```
ffmpeg -i kalyanam.avi -c:v ffv1 -level 3 -slicecrc 1 -c:a copy kalyanam.mkv
```

slicecrc போட்டிருப்பதால் பின்னாளில் ஹார்டு டிஸ்க் கெட்டுக் கோப்பில் பழுது வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணன், தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். இங்கே புயல் அடித்தாலும் அங்கே இருக்கும்.

கேசட்டை முழுவதும் ரீவைண்டு செய்து, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்தால் டேப் சுற்று ஒரு பக்கமாக இறங்கி விளிம்பு நசுங்கும். சிலிக்கா ஜெல் பை ஒன்று கூடவே போட்டு, வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன் புதுப் பையாக மாற்றுங்கள். டைம் பேஸ் கரெக்டர் உள்ள டெக் ஒன்று என்றாவது கைக்கு வந்தால் இதே கேசட்டை இன்னொரு முறை ஓட்டலாம்.